படத்தில இருக்கிறவவக் கூப்பிடுங்க

என் வியாபாரப் பக்கத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அது என் முகம் இல்லை. வேறு யாருடைய முகமும் இல்லை. அந்தப் பெண் பிறக்கவே இல்லை. கணினி செய்த முகம் அது. இதைச் சொன்னால் சிலர் என்னை ஏமாற்றுக்காரி என்பார்கள். சொல்லட்டும். அவர்களில் பாதிப் பேர் பூனைக்குட்டியின் படத்தை வைத்துக்கொண்டுதான் அதை எழுதுவார்கள்.

நான் கல்முனைக்குடியில் வீட்டில் இருந்து ஹபாயா என்கிற நீள அங்கி தைத்து விற்கிறேன். கணவர் கட்டாரில். முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, தலையில்லாத ஒரு பொம்மை. தெருவில் உள்ளவர்களுக்கு என்னைத் தெரியும். ஆனால் தெருவை மட்டும் நம்பித் தைத்தால் வருடத்தில் இரண்டு பெருநாளுக்குத்தான் வேலை இருக்கும். அதனால் ஊர் விற்பனைக் குழுவில் சேர்ந்தேன். கருவாடு, பழைய ஃபோன், கேக், கோழிக்குஞ்சு எல்லாம் அங்கேதான் விலை போகும்.

முதலில் ஒரு ரோசாப்பூப் படம் வைத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். பூ, இல்லாவிட்டால் பிள்ளையின் முதுகு, இல்லாவிட்டால் மருதாணி போட்ட கை. ஒருவரும் வாங்கவில்லை. "பூ ஐடிக்கு நான் அட்வான்ஸ் போட மாட்டன்" என்று ஒருத்தி நேராகவே எழுதினாள். அவளும் ஒரு பூ ஐடிதான். அவளுடையது செவ்வந்தி.

என் சொந்தப் படத்தைப் போடலாமே என்று கேட்பீர்கள். போட மாட்டேன். கணவர் தடுக்கவில்லை, மாமியும் தடுக்கவில்லை. எனக்கே விருப்பம் இல்லை. பசாரில் என் முகத்தை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அது எனக்குப் பிரச்சினை இல்லை. பார்த்தவன் பார்த்துவிட்டுப் போவான். ஃபோனில் போட்டால் எடுத்துக்கொண்டு போவான். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தியின் கலியாணப் படத்தை எவனோ எடுத்து வேறொரு உடம்பில் ஒட்டிச் சுற்றவிட்டான். அந்தப் பிள்ளை இன்னும் வெளியே வருவதில்லை. அதற்குப் பிறகு எனக்கு யாரும் புத்தி சொல்லத் தேவை இல்லை.

அந்த முகத்தைக் கொண்டுவந்தவள் என் தங்கச்சி. அவள் ஒரு அலுவலகத்தில் கணினியில் வேலை செய்கிறாள். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இணையதளத்தைத் திறந்தாள். திரை நிறைய ஒரு வெள்ளைக்காரன் சிரித்தான்.

"இவன் ஆரு?" என்றேன்.

"ஆருமில்ல."

"ஆருமில்லாதவன் எப்பிடிடி சிரிக்கிறான்?"

"கணினிக்கு உண்மையான ஆக்கள்ட படத்த கணக்கில்லாமக் காட்டிரிக்காங்க ராத்தா. முகம் எண்டா எப்பிடி இருக்கும் எண்டு அது படிச்சிட்டு. இப்ப அதுவா ஒண்டு செய்யுது. பாருங்க." அவள் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். வெள்ளைக்காரன் போனான், ஒரு கிழவி வந்தாள். திரும்பத் திறந்தாள், கிழவி போய் ஒரு சின்னப் பிள்ளை வந்தது.

நான் மெஷினை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று தையல் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் நாங்கள் ஒரு குடும்பம் கண்டுபிடித்தோம். "இவ நம்மட பெரியம்மாட மருமகளப் போல." "இவன்ட மூக்கப் பாரு, மரிக்கார் ஆக்கள்ட மூக்கு." "இவ கடன் கேட்டா குடுக்க மாட்டா." ஒரு ஆளின் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் பாதி வந்து, சோற்றுக் கஞ்சி போலக் கரைந்து கிடந்தது. தங்கச்சி "அல்லாஹ்வே" என்று சட்டென்று மாற்றிவிட்டாள். எனக்கு அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஸ்கார்ஃப் கட்டிய பெண் வருவது அரிது. வெள்ளைக்காரர்கள்தான் வரிசையாக வந்தார்கள். விரல் நோகும் வரை தட்டினோம். கடைசியில் அவள் வந்தாள். மாநிறத்துக்குக் கொஞ்சம் மேல் வெள்ளை. முப்பது வயது சொல்லலாம். பழுப்பு நிற ஸ்கார்ஃப். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு, நாலு பல் தெரிந்தது. கேட்பவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருப்பவளின் பார்வை. எனக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் இருந்ததில்லை.

"இவவ வைப்பம்" என்றேன்.

படத்தை மாற்றிய பிறகு வியாபாரம் நடந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதே துணி, அதே தையல், அதே விலை. முகம் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். "ராத்தா உங்கட முகத்தப் பாத்தா நல்ல ஆளாத் தெரியுது" என்று ஒருத்தி எழுதினாள். நான் நல்ல ஆள் என்று என்னைப் பார்த்து எவரும் சொன்னதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நாவிதன்வெளிப் பக்கத்து உம்மா. வயல்காரக் குடும்பம். மகளின் நிக்காஹ்வுக்குக் கிறீம் நிறத்தில் ஹபாயா, கையிலும் ஓரத்திலும் கல் வேலை. துணியை அவரே கொழும்பில் எடுப்பித்து, அளவுக்கு மகளின் பழைய ஹபாயா ஒன்றையும் சேர்த்து ஒரு ஓட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் நேரே பார்த்துக்கொள்ளவில்லை. அவர் வாய்ஸ் அனுப்புவார், நான் எழுத்தில் பதில் போடுவேன். என் குரலையும் நான் ஃபோனில் விடுவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கதைத்தது, மகள் சாப்பிடாமல் இருப்பது, தன் புருஷன் எதையும் கவனிக்காதது என்று அவர் வாய்ஸ் நீண்டுகொண்டே போகும். நான் கல் பதித்துக்கொண்டே கேட்பேன். "எல்லாம் சரியாகும் இன்ஷா அல்லாஹ்" என்று எழுதுவேன். வேறென்ன எழுத?

அந்த நிக்காஹ்வுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தையல் ஒன்றாக வந்த நேரத்தில்தான் குழுவில் வெடித்தது. குழுவில் கணக்கு வைத்திருந்த ஒருவன் சாறியும் ஹபாயாவும் தருவதாக முற்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனான். அவனுடைய படத்தில் இருந்த ஆளும் கணினி ஆள்தான் என்று பிறகு தெரிந்தது. குழுவின் அட்மின் பசாரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. குழுவில் விற்கிற எல்லாருடைய படத்தையும் ஆராய்ந்து, மூன்று முகங்களைச் சிவப்பு வட்டம் போட்டு வெளியிட்டான். மேலே "இந்த ஆட்கள் உலகத்தில் இல்லை. இவர்களிடம் வாங்க வேண்டாம்" என்று எழுதியிருந்தான்.

முதல் படம் ஓடிப்போன கள்ளன். இரண்டாவது கருவாடு விற்கிற ஒரு ஆள். மூன்றாவது என்னுடையவள்.

ஆத்திரத்தில் ஃபோனை வெட்டு மேசையில் எறிந்தேன். பிறகு எடுத்து வட்டங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வட்டம் கண்களில். இடக்கண்ணில் வெளிச்சம் யன்னல் மாதிரிச் சதுரமாக விழுந்திருந்தது, வலக்கண்ணில் ஒரு புள்ளி. ஒரே அறையில் நிற்கும் ஒருத்தியின் இரண்டு கண்ணிலும் வேறு வேறு வெளிச்சம். ஒரு வட்டம் பல்லில். மேல்பல் வரிசையில் நடுவில் இரண்டு பல் சேரும் கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழுப்பல் இருந்தது. மூன்றாவது வட்டம் ஸ்கார்ஃபில்.

ஒரு வருடமாக அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன். துணிதான் என் தொழில். எனக்கு அது தெரியவில்லை. கன்னத்துப் பக்கம் இறங்கும் மடிப்பு, நாடிக்குக் கீழே போய்க் கழுத்துத் தோலாகிவிடுகிறது. துணி எங்கே முடிந்தது, தோல் எங்கே தொடங்கியது என்று கோடு இல்லை. மற்றப் பக்கம் தோளில் ஒரு துணி முனை நிற்கிறது. அது எதில் இருந்து வந்தது என்று தெரியவில்லை. பின் குத்தின இடமும் இல்லை.

தங்கச்சி வந்தபோது நான் ஒரு பழுப்பு ஸ்கார்ஃபை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தலையக் காட்டு."

"என்னத்துக்கு?"

"இவ கட்டினமாதிரிக் கட்டிப் பாக்கப் போறன்."

"ராத்தா, ஊரே உங்களக் கள்ளி எண்டு கிழிக்குது. நீங்க ஸ்கார்ஃப் கட்டிப் பாக்கிற?"

"காட்டுடி."

இடமிருந்து கட்டினேன், வலமிருந்து கட்டினேன். இரண்டு சுற்று, ஒரு சுற்று, உள்ளே செருகி, வெளியே விட்டு. அந்த மடிப்பு வந்தால் இந்த முனை வராது. முனையை வைத்தால் மடிப்பு நெற்றிக்குப் போகிறது. இரண்டு துணியால் கட்டிப் பார்த்தேன், அப்போதும் கழுத்தில் மாட்டியது. தங்கச்சி கழுத்தைப் பிடித்துக்கொண்டு "கொல்லப் போறீங்களா?" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பெண்ணும் அந்த ஸ்கார்ஃபைக் கட்ட முடியாது. துணி எப்படித் தோன்றும் என்பது அந்தக் கணினிக்குத் தெரிந்திருக்கிறது. துணிக்கு இரண்டு முனை இருக்கிறது என்பது தெரியவில்லை.

சிரிப்பு நாவிதன்வெளி உம்மாவின் மெசேஜ் வரும் வரைதான். வழமையான வாய்ஸ் இல்லை, எழுத்து. "துணிய அப்படியே தாங்க. வெட்டியிருந்தாலும் பரவால்ல. நாளைக்கு அஸருக்குப் பிறகு வந்து எடுப்பன்."

ஹபாயா முக்கால்வாசி முடிந்திருந்தது. பெருநாளுக்கு முன்பணம் தந்த மற்றவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். இந்த உம்மா குழுவில் எல்லாருக்கும் தெரிந்தவர். அவர் துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று தெரிந்தால் மிச்சப் பேரும் வந்து நிற்பார்கள். பிறகு இரண்டு மெஷினையும் விற்க வேண்டியதுதான். அதையும் அந்தக் குழுவில் விற்க முடியாது.

அடுத்த நாள் காலையில் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு அட்மினின் ஃபோன் கடைக்குப் போனேன்.

எனக்கு முன்பே ஒரு ஆள் அங்கே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சாரம், வெளுத்த சேட், வயது ஐம்பதுக்கு மேல். திருக்கோவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"தம்பி, நல்லாப் பாரு. இது காதா இல்லையா?"

அட்மின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "அண்ணன், நான் என்ன சொல்றன் எண்டா..."

"நீ ஒண்டும் சொல்ல வேணாம். தொட்டுப் பாரு. ரப்பரா எண்டு பாரு."

எட்டிப் பார்த்தேன். அவருடைய இடது காதின் கீழ்ப்பாதி இல்லை. கிழிந்து, இரண்டாகப் பிரிந்து, ஒட்டிப்போய்க் கிடந்தது. இரண்டாவது படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது அந்தக் காதுக்குத்தான்.

"தூண்டில் ஏறிக் கிழிஞ்சது. நான் கலியாணம் முடிக்க முந்தி. எண்ட பொஞ்சாதி இந்தக் காதப் பாத்துத்தான் என்ன முடிச்சா. நீ ஆள் இல்லையெண்டு எழுதிட்டா? என்ட வீட்ட ஒருக்காக் கேட்டுப் பாரு, ஆள் இருக்கானா இல்லையா எண்டு. அவ சொல்லுவா, இருக்கான், தொல்ல தாங்க ஏலாது எண்டு."

தங்கச்சி சிரித்துவிட்டாள். அவரும் கோபத்துக்குள்ளேயே சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் இல்லாத ஆளா தங்கச்சி?" என்றார்.

"ஓம் அண்ணன். மூண்டாவது ஆள்."

அட்மின் என் முகத்தைப் பார்த்தான், ஃபோனைப் பார்த்தான். "ராத்தா, இது நீங்க இல்லயே."

"நான் இல்லத்தான். அதுக்கு?"

"அப்ப நான் சொன்னது சரி."

"நீ என்ன எழுதின? ஆள் உலகத்தில இல்ல எண்டு எழுதின. இதோ நிக்கிறன். முகம் பொய்யெண்டா எண்ட தையலும் பொய்யா? நீ ஒருக்கா என்னட்ட கேட்டியா?"

அவன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். "வாங்க, காட்டுறன். நான் சும்மா போடல்ல."

நான் சண்டைக்குத்தான் போனேன். ஆனால் அவன் காட்டியதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கள்ளனின் படத்தை எடுத்தான். என் படத்தை எடுத்து, கண்ணாடித்தாள் போல மெல்லியதாக்கி, அதன் மேல் வைத்தான். இரண்டு பேரின் நாடியும் சேரவில்லை, நெற்றியும் சேரவில்லை. கண் நாலும் சேர்ந்து இரண்டாகிவிட்டது. அந்த இணையதளத்தில் இருந்து தானே எடுத்த முகங்களையும் ஒவ்வொன்றாக மேலே வைத்தான். ஆண், பெண், பிள்ளை, கிழவன். மற்றதெல்லாம் புகை மாதிரிக் கலங்கிப் போனது. கண் மட்டும் அசையாமல் தெளிவாக நின்று எங்களைப் பார்த்தது.

"என்னடா இது?" என்றார் கருவாட்டுக்காரர்.

"கணினிக்குக் காட்டின படமெல்லாத்தையும் கண் ஒரே இடத்தில வாறமாதிரி வெட்டித்தான் காட்டிரிக்காங்க அண்ணன். அதால அது செய்யிற முகத்துக்கும் கண் அதே இடத்திலதான் வரும். நாம ஃபோனில எடுத்தா ஒருக்கா மேல போகும், ஒருக்காச் சரியும்."

"எல்லாக் கணினி முகமும் இப்பிடியா?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. இந்த வகைதான். இப்ப எழுதிக் கேட்டாச் செஞ்சு தாறது வந்திரிக்கி. அதில கண் எங்க வேணுமெண்டாலும் வரும். வெட்டி ஒதுக்கினாலும் மாறும்."

"அப்ப என்ட கண்?" என்று கருவாட்டுக்காரர் கேட்டார்.

அவருடைய படத்தையும் மேலே வைத்தான். கண் அந்த இடத்துக்கு மிகக் கிட்ட வந்தது, ஆனால் சேரவில்லை. ஒரு இமை கீழே இறங்கி நின்றது.

"கிட்டத்தட்ட வந்திச்சு அண்ணன். படத்தத் தேடிப் பாத்தன், வேற எங்கயும் இல்ல. உங்கட பக்கத்திலயும் ஒரே ஒரு படம். பின்னுக்கு வெறும் வெள்ளை. காதும் இப்பிடிக் கிடந்திச்சு. அதால..."

"அது அடையாள அட்டைக்கு எடுத்த படமடா. ஸ்டூடியோக்காரன் கதிரைல இருத்தி, தலையப் பிடிச்சு நேராக்கி எடுத்தவன். என்ட மகள்தான் அதச் சதுரமா வெட்டிப் போட்டவ. கருவாடு விக்கிறவன் எத்தின படம் எடுக்கிற? கிட்டத்தட்ட வந்தா ஆள் இல்லையா? என்ட கருவாடும் கிட்டத்தட்டக் கருவாடா?"

அட்மின் தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை. மூன்று வீடியோ பார்த்துவிட்டு எல்லாம் தெரியும் என்று நினைத்தவன், அவ்வளவுதான். கண், பல், காது, துணி எல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான். சந்தேகம் வந்தால் ஒரு அழைப்பு எடுத்துக் கேட்கலாம். அதை அவன் செய்யவில்லை.

ஸ்கார்ஃபில் வட்டம் போட்டிருந்தாலும், தோளில் நிற்கும் துணி முனை அவன் கண்ணில் படவில்லை. நான் காட்டினேன். "ஸ்கார்ஃப இப்பிடிக் கட்ட ஏலாது. நேத்து இவட கழுத்த நெரிச்சுப் பாத்திட்டன்." தங்கச்சி கழுத்தைத் தடவினாள். அவன் குனிந்து திரைக்குள் மூக்கை விட்டான். நாலு பேரும் கொஞ்ச நேரம் சண்டையை மறந்துவிட்டு அந்தத் துணி முனை எங்கே இருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். கருவாட்டுக்காரர் அது இன்னொரு பெண்ணின் துணி என்றார். தங்கச்சி அது கதிரையின் முதுகு என்றாள். ஒருவருக்கும் உறுதி இல்லை.

கடைசியில் அவன் கருவாட்டுக்காரரின் படத்தைப் பதிவில் இருந்து நீக்கிவிட்டு மன்னிப்பு எழுதினான். என் விஷயத்தில் தயங்கினான். "ராத்தா, உங்கட சொந்தப் படத்தப் போடுங்க. பிரச்சின முடிஞ்சிது."

"போட மாட்டன்."

"அப்ப சனம் எப்பிடி நம்புற?"

"நீ என்னப் பாத்திட்டாயே. பாத்தன் எண்டு எழுது. முகம் கணினிது, ஆள் உண்ம எண்டு எழுது. முதல் எழுதினதப்போல பெரிய எழுத்தில எழுது."

அவன் எழுதினான். நான் நின்று வாசித்த பிறகுதான் அனுப்பவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் கீழே முப்பது நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். "அப்ப ஹபாயா தைக்கிறது ரோபோவா?" என்று ஒருத்தன். "கணினி மச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கவா?" என்று இன்னொருத்தன். ஒருவரும் தங்கள் ஓடரை உறுதி செய்யவில்லை.

நான் அவளை என் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டுத் தங்கச்சியிடம் கேட்டேன், அந்த இணையதளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் இவள் திரும்ப வருவாளா என்று.

"வர மாட்டா. ஒவ்வொரு தரமும் புதுசு."

"இவ்வளவு நாளும் இருந்தவ எங்க போன?"

"எங்கயும் இருக்கலயே ராத்தா."

அது எனக்குச் சரியாக விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. செத்தவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்கள் அவளோடு கதைத்தார்கள்.

அஸர் தொழுது எழும்பும்போது வாசலில் ஓட்டோ நின்றது. நாவிதன்வெளி உம்மா இறங்கினார், பின்னால் மணமகள். உம்மா உயரமான, வெயிலில் கறுத்த பெண். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"துணிக்கு வந்தம். படத்தில இருக்கிறவவக் கூப்பிடுங்க."

"நான்தான்."

"நீங்க இல்ல. அவ கொஞ்சம் வெள்ள."

"அவ கணினி செஞ்ச படம். குழுவில எழுதிரிக்கி, பாக்கலயா? தைச்சது நான். உங்களோட கதைச்சதும் நான்."

அவர் என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். என் முகம் சிரித்த முகம் இல்லை. புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கு. எனக்குப் பின்னால் உள்ளறை வரை அவர் எட்டிப் பார்த்தது தெரிந்தது. அவள் அங்கே எங்காவது இருக்கிறாளா என்று தேடுகிறார்.

"மூணு மாசமா நான் அவவோடதான் கதைச்சன்" என்றார். "அவட முகத்தப் பாத்துத்தான் கதைச்சன். எண்ட புருஷன்ட்ட சொல்லாததெல்லாம் சொல்லிரிக்கன்."

"கேட்டவ நான்தானே."

"அதுதான்" என்றார். என்னை விட்டுத் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவர் பணத்துக்கோ துணிக்கோ பயந்து வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு கறுத்த, கடுமுகக்காரி தன் வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து வெட்கப்பட்டு வந்திருக்கிறார்.

எனக்கு இனிமையாகப் பேச வராது. உள்ளே போய் ஹபாயாவை எடுத்து வந்து மகளின் கையில் கொடுத்தேன். "போட்டுப் பாருங்க. பிடிக்கல்லயெண்டா அப்பிடியே கொண்டு போங்க. தைச்ச கூலி வேணாம்."

மகள் உம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளறைக்குப் போனாள். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். நான் உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார், "நான் சொன்னத ஆரிட்டயும் சொன்னீங்களா?"

"எனக்கு ஆரோடயும் கதைக்க நேரமில்ல. கேட்டன், கல் பதிச்சன். அவ்வளவுதான்."

"எல்லாம் சரியாகும் எண்டு எழுதினீங்களே. அது?"

"அது நான் எழுதினதுதான். அவக்கு எழுதத் தெரியாது."

அவர் உதட்டின் ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

மகள் வெளியே வந்தாள். கிறீம் துணி நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஓரத்துக் கல் சாயங்கால வெளிச்சத்தில் மின்னியது. உம்மா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து மகளைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். தோளை இழுத்தார், முதுகுத் தையலைத் தடவினார், கையை மடக்கிப் பார்த்தார்.

"கை நீளம்" என்றார்.

"நீளம் இல்ல. நீங்க அனுப்பின பழைய ஹபாயாட அளவுதான்."

"அது தோய்ச்சுத் தோய்ச்சு இழுபட்டது. உங்களுக்குத் தெரியாதா? தைக்கிறவக்கு இது தெரியணும்."

"நீங்க சொல்லியிருக்கணும். மூணு மாசம் மருமகனக் கதைச்சீங்க, கையக் கதைக்கல்ல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அளவெடுங்க" என்றார். "இப்ப. நான் பாத்திட்டு இருக்கக்குள்ள."

நான் நாடாவை எடுத்தேன்.